மோட்டார் அதேதான், ஜெட்டின் இடம் மட்டும் மாற வேண்டும்: ஆழமற்ற கிணற்றிலிருந்து ஆழக்கிணற்றுக்கு

பெப்ரவரி கடைசியில் களுபோவிலையிலிருந்து சித்தி கூப்பிட்டார். “மோட்டார் ஓடுது தம்பி, சத்தமும் வருது, தாங்கிக்குத் தண்ணி ஏறேல்ல.” நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பைப் பாஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இப்போது இருப்பது 1 எச்பி, அதை எடுத்துவிட்டு 1.5 எச்பி போட்டால் சரிவரும் என்பது அவர் சொன்ன தீர்வு. சித்தி அலுமாரியிலிருந்து காசை எடுத்து எண்ணி வைத்திருந்தார்.

அந்தக் காசைச் செலவழித்திருந்தால் ஒரு வாளி தண்ணீர்கூடக் கூடுதலாக வந்திருக்காது. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்து கிணற்று மட்டம் இறங்கும்போது, இப்படி மோட்டாரைப் பெரிதாக்கிப் பார்த்து ஏமாந்த வீடுகள் பல எனக்குத் தெரியும். சித்தி வீட்டில் கடைசியில் நாங்கள் மாற்றியது மோட்டாரை அல்ல. மோட்டாரின் முன்பக்கத்தில் இருந்த ஜெட்டைக் கழற்றிவிட்டு, இன்னொரு ஜெட்டைக் கிணற்றுக்குள் இறக்கினோம். அதை ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம் என்பதை அந்தக் கிணற்றின் அளவுகளோடு சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் கிணற்றின் அளவுகளை அந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை

கிணற்றுத் தண்ணீரைப் பம்ப் மேலே இழுக்கிறது என்றுதான் நாம் பேசுகிறோம். உண்மையில் பம்ப் செய்வது, பைப்புக்குள் இருக்கும் அமுக்கத்தைக் குறைப்பது மட்டும்தான். வெளியே கிணற்று நீரின் மேல் வளிமண்டலம் அமுக்கிக்கொண்டே இருக்கிறது. பைப்புக்குள் அமுக்கம் குறைந்ததும் அந்த வெளி அமுக்கம் தண்ணீரைப் பைப்புக்குள் மேலே தள்ளுகிறது. ஆகவே தண்ணீரைத் தூக்கும் வேலையைச் செய்வது காற்று.

அந்தக் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. கடல்மட்டத்தில் அது தாங்கக்கூடிய நீர்த்தூண் சுமார் 10.3 மீற்றர். பைப்புக்குள் முழு வெற்றிடம் இருந்தாலும் அதற்குமேல் ஒரு விரல்கூட ஏறாது. நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது. கொழும்பு வெயிலில் தண்ணீர் 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது அதன் ஆவியே கிட்டத்தட்ட அரை மீற்றரைத் தின்றுவிடும். பைப்பின் உராய்வு, வளைவுகள், பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபூட் வால்வு எல்லாம் இன்னும் கொஞ்சம் எடுக்கும். பம்பின் சக்கரத்துக்குள் தண்ணீர் கொதித்துக் குமிழ் விடாமல் இருக்கவும் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும். மிஞ்சுவது ஏறக்குறைய 7 மீற்றர், அதாவது 23 அடியளவு. எல்லாம் புதிதாக, இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் 7.5 வரை இழுத்துப் பார்க்கலாம்.

இந்த 7 மீற்றரில் மோட்டாரின் வலுவுக்குப் பங்கே இல்லை. 1 எச்பியோ 3 எச்பியோ, கிணற்றின் மேல் இருக்கும் வளிமண்டலம் ஒன்றுதான். பாஸின் யோசனை உதவாது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஜெட் என்பது என்ன

ஆழமற்ற கிணற்றுக்கான ஜெட் பம்பின் முகப்பைக் கழற்றினால் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று நொசில்: ஒரு முனை அகலமாகவும் மறுமுனை பென்சில் தண்டளவு துளையாகவும் ஒடுங்கிய ஒரு மூக்கு. மற்றது வெஞ்சூரி: நடுவில் ஒடுங்கி, பிறகு மெல்ல விரியும் ஒரு குழல். நொசிலின் வாய்க்கும் வெஞ்சூரியின் கழுத்துக்கும் இடையில் சின்ன இடைவெளி. இவ்வளவுதான் எஜெக்டர். கடையில் “ஜெட்” என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

வேலை இப்படி நடக்கிறது. மோட்டாரோடு சுற்றும் சக்கரம் தண்ணீரை அமுக்கத்தோடு வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு தாங்கிக்குப் போகாமல் திரும்பி வந்து நொசிலுக்குள் நுழைகிறது. ஒடுங்கிய துளையில் அந்த அமுக்கம் குறைந்து, பாயும் வேகம் ஆகிறது. 3 பார் அமுக்கத்தில் வரும் தண்ணீர் நொசில் வாயிலிருந்து பாயும் வேகம் வினாடிக்கு 24 மீற்றர் அளவு. பெருந்தெருவில் ஓடும் வாகனத்தின் வேகம் அது. அந்தப் பாய்ச்சல் தன்னைச் சுற்றியுள்ள இடைவெளியில் அமுக்கத்தைக் குறைக்கும். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் அந்த இடைவெளிக்குள் புகுந்து பாய்ச்சலோடு கலக்கும். இரண்டும் வெஞ்சூரியின் கழுத்தைத் தாண்டி விரியும் பகுதிக்கு வந்ததும் வேகம் குறைந்து, அந்த வேகம் மறுபடி அமுக்கமாக மாறும்.

கடைசி வரியை ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். ஜெட்டின் ஒரு பக்கம் உறிஞ்சுகிறது, மறுபக்கம் தள்ளுகிறது. ஆழமற்ற கிணற்றில் நமக்குத் தேவை உறிஞ்சும் பக்கம். ஆழக்கிணற்றில் தள்ளும் பக்கம்.

மேலே மோட்டாரோடு ஒட்டியிருக்கும் ஜெட்டின் உறிஞ்சல், அந்த 7 மீற்றர் எல்லைக்குள்தான் நிற்கும். அதே ஜெட்டைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் கதை மாறுகிறது. தண்ணீர் அதற்குள் தானாகவே வந்து நிற்கிறது. உறிஞ்ச வேண்டிய தூரம் பூச்சியம். ஜெட்டின் வேலை இப்போது கலவையை மேலே தள்ளுவது. அதனால் 9 மீற்றர், 15 மீற்றர், சரியான ஜெட் இருந்தால் 25 மீற்றர் ஆழத்திலிருந்தும் தண்ணீரை மேலே தள்ளிவிட்டு, பம்பின் உறிஞ்சலுக்கு எட்டும் உயரத்தில் கொண்டுவந்து கொடுக்கிறது. மிச்சத் தூரத்தைப் பம்ப் எடுத்துக்கொள்கிறது.

இரண்டு பைப்பும் ஒரு வட்டம்

ஜெட்டைக் கீழே இறக்கினால் அதற்குப் பாய்ச்சத் தண்ணீர் மேலிருந்து போக வேண்டும். ஆகவே கிணற்றுக்குள் இரண்டு பைப். மெலிந்தது அமுக்கப் பைப், மேலிருந்து கீழே நொசிலுக்குப் போவது, வழக்கமாக 1 அங்குலம். தடித்தது உறிஞ்சல் பைப், ஜெட்டிலிருந்து மேலே பம்புக்கு வருவது, 1¼ அங்குலம். தடித்தது ஏன் என்றால் கீழே போன தண்ணீரும் கிணற்றிலிருந்து புதிதாகச் சேர்ந்த தண்ணீரும் இரண்டும் சேர்ந்து அதில்தான் வருகிறது.

சித்தி வீட்டில் இந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருந்தது. அமுக்கப் பைப்பில் நிமிடத்துக்கு 40 லீற்றர் கீழே போகிறது. ஜெட்டில் 25 லீற்றர் கிணற்று நீர் சேர்கிறது. 65 லீற்றர் மேலே வருகிறது. பம்ப் அந்த 65ஐயும் அமுக்கத்தோடு வெளியே தள்ளுகிறது. அதில் 25 தாங்கிக்கு, 40 மறுபடி கீழே. இந்த 40 லீற்றர் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர். அது நமக்குக் கிடைப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் அந்த 25 வராது.

ஆழம் கூடக் கூட, சுற்றும் பங்கு பெருகி, கிடைக்கும் பங்கு சுருங்கும். ஜெட் ஆழமற்ற நிலையில் இருந்தபோது இதே மோட்டார் மழைக்காலத்தில் நிமிடத்துக்கு 40 லீற்றர் கொடுத்தது. இப்போது 25. இதைச் சித்திக்கு முதலே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் மோட்டார் பழுது என்று நினைப்பார்கள்.

கட்டுப்பாட்டு வால்வு: பலர் தவறும் இடம்

மேலே சொன்ன வட்டத்தில் தாங்கிக்குப் போகும் பைப்பை முழுவதும் திறந்து வைத்தால் என்ன நடக்கும்? தண்ணீர் எளிதான வழியைத் தேடும். தாங்கி 8 மீற்றர் உயரத்தில் இருந்தால் அந்தப் பக்கம் எதிர்க்கும் அமுக்கம் 0.8 பார் மட்டுமே. தண்ணீர் முழுவதும் அங்கே ஓடப் பார்க்கும். பம்பின் வெளியேற்ற அமுக்கம் சரிகிறது. அமுக்கப் பைப்பிலும் அதே சரிவு. நொசிலில் பாய்ச்சல் தளர்கிறது. ஜெட்டால் 9 மீற்றர் தள்ள முடியவில்லை. பம்புக்கு வரும் தண்ணீர் குறைகிறது, அதனால் அமுக்கம் இன்னும் சரிகிறது. சில வினாடிக்குள் மொத்த வட்டமும் நின்றுவிடும். பம்புக்குள் சரளைக்கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் மோட்டார் வெறுமனே சுற்றும்.

இதைத் தடுக்க, பம்பின் வெளியேற்ற வாயை ஒட்டி ஒரு வால்வு வேண்டும். சில பம்ப்களில் இது ஒரு திருகோடு கூடவே வரும். வராவிட்டால் ஒரு சாதாரண கேட் வால்வு போதும், அதற்குமுன் ஒரு அமுக்கமானியும். வால்வைக் கொஞ்சம் மூடினால் பம்புக்குள் அமுக்கம் தேங்கும், நொசிலுக்குத் தேவையானது அதிலிருந்து கிடைக்கும். முதலில் ஜெட்டுக்குரியதைக் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் தாங்கிக்கு விட வேண்டும். ஆழக்கிணற்று ஜெட்டில் எல்லாம் இந்த ஒரு ஒழுங்கில்தான் நிற்கிறது. தாங்கி மிக உயரத்தில் இருக்கும் கட்டடங்களில் அந்த உயரமே எதிரமுக்கம் கொடுத்துவிடும். இரண்டு மாடி வீட்டில் அது போதாது.

முதல் வேலை: அளப்பது

கடைக்குப் போகுமுன் கயிறும் ஒரு பாரமும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். மோட்டாரை அரை மணிநேரம் ஓடவிட்டு, மட்டம் இறங்கி நிற்கும்போது அளக்க வேண்டும். விடியற்காலையில் ஊறி நிற்கும் மட்டத்தை வைத்து முடிவெடுத்தால் கணக்குப் பிழையாகிவிடும். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் வாளியால் கொஞ்சம் இறைத்துவிட்டு அளங்கள். அளவும் மார்ச் மாத அளவாக இருக்க வேண்டும். ஜூன் மழையில் எடுத்த அளவு இதற்கு உதவாது.

சித்தி வீட்டுக் கிணறு மேட்டுப் பக்கம், கபுக் கல்லில் வெட்டியது. 1.2 மீற்றர் விட்டம், தரையிலிருந்து அடி வரை 12.8 மீற்றர். நாங்கள் அளந்த அன்று தண்ணீர் மட்டம் 9.2 மீற்றரில். மோட்டார் மேடையில் இருப்பதால் அதன் நடுவிலிருந்து பார்த்தால் 9.6. ஏழோடு ஒப்பிட்டால் 2.6 மீற்றர் கூட. மழைக்காலத்தில் 4.5 மீற்றரில் நிற்கும் கிணறு இது, அதனால்தான் வருடத்தில் ஒன்பது பத்து மாதம் பிரச்சினை தெரியவே இல்லை.

ஜெட்டின் ஆழத்தை 11 மீற்றர் என்று வைத்தோம். தண்ணீருக்குக் கீழே 1.8 மீற்றர். இது போதுமா என்று ஒரு கணக்கு: 1.2 மீற்றர் விட்டக் கிணற்றில் ஒவ்வொரு மீற்றர் உயரமும் ஏறக்குறைய 1,130 லீற்றர். 1,000 லீற்றர் தாங்கி நிரம்ப 40 நிமிடம். அதற்குள் ஊற்று ஒரு சொட்டும் சுரக்காவிட்டாலும் மட்டம் 0.9 மீற்றர்தான் இறங்கும். ஜெட் மூழ்கியே இருக்கும். அதன்கீழ் ஃபூட் வால்வு 11.4 மீற்றரில், அடிச் சேற்றிலிருந்து 1.4 மீற்றர் மேலே. சேற்றோடு ஒட்டி வைக்கவே கூடாது, கபுக் கல்லின் சிறு மணல் நொசிலை அடைத்துவிடும்.

ஊற்று மெதுவாகவும் கிணறு ஒடுக்கமாகவும் இருக்கும் குழாய்க்கிணறுகளில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே ஜெட்டுக்கும் ஃபூட் வால்வுக்கும் இடையில் ஒரு வால் பைப் போடுவார்கள், 10 மீற்றர் அளவில். மட்டம் ஜெட்டைவிடக் கீழே போனால் அந்த வால் பைப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த அளவில் தண்ணீர் வரும்: 3 மீற்றர் கீழே போனால் ஏறக்குறைய 80 சதவீதம், 6 மீற்றரில் 57, 7.5 மீற்றரில் 40. ஊற்றும் எடுப்பும் எங்கோ ஓர் இடத்தில் சமமாகி நிற்கும், காற்று உள்ளே வராது. அந்த 10.3 மீற்றர் எல்லை இங்கே நமக்குத் தடையாக இல்லாமல் துணையாக நிற்கிறது.

பொருள் வாங்குவது

ஜெட் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் நொசில் துளையும் வெஞ்சூரிக் கழுத்தும் ஆழத்துக்கு ஆழம் வேறு. பெட்டியில் எந்த ஆழ வீச்சுக்கு, எத்தனை எச்பி மோட்டாருக்கு என்று போட்டிருக்கும். 9.6 மீற்றருக்கு 25 மீற்றர் ஜெட்டைப் போட்டால் தண்ணீர் வரும், ஆனால் அளவு குறையும். நாங்கள் முதல் தடவை வாங்கியது அப்படியானது. கடைக்காரர் “ஆழம் கூடினது நல்லதுதானே” என்று கொடுத்துவிட்டார். பெட்டியைப் பிரிக்காததால் திருப்பிக் கொடுக்க முடிந்தது. உங்கள் மோட்டாரும் மாற்றக்கூடிய வகையா என்று பாருங்கள். முன்முகப்பில் ஜெட்டைக் கழற்றினால் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு துளைகள் தெரிய வேண்டும். அவற்றில் இரட்டைப் பைப் முகப்பைப் பூட்டலாம். ஒரே துளை என்றால் அந்த மோட்டார் ஆழக்கிணற்றுக்கு உதவாது.

வால்வு, அமுக்கமானி, இரண்டு யூனியன், பிவிசி பைப், நைலோன் கயிறு, புது ஃபூட் வால்வு. பழைய ஃபூட் வால்வை மட்டும் தயவுசெய்து திரும்பப் போடாதீர்கள். அது கசிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் மறுபடி தூக்க வேண்டும்.

பொருத்துவது

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிணற்றுக்குள் யாரும் இறங்கத் தேவையில்லை, இறங்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் தரையில் படுக்கவைத்து ஒட்டி, கயிற்றில் இறக்கலாம்.

ஃபூட் வால்வை முதலில் ஒரு வாளி தண்ணீரில் சோதியுங்கள்: மேலே தண்ணீரை ஊற்றிப் பிடித்தால் சொட்டக் கூடாது. அப்புறம் அதை ஜெட்டின் அடியில் பூட்டுங்கள். ஜெட்டின் மேற்பக்கத்தில் இரண்டு வாய்கள், சின்னதும் பெரியதும். சின்னது நொசிலுக்கு, அதில் 1 அங்குலப் பைப். பெரியதில் 1¼. இரண்டையும் ஒவ்வொரு இரண்டு மீற்றருக்கும் ஒன்றாகக் கட்டிவிடுங்கள். பிவிசி பசை பூசிய இணைப்புகளை ஒரு நாள் காயவிட்டே கிணற்றில் இறக்கினோம். அவசரப்பட்டால் உறிஞ்சல் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை மிஞ்சும், அதுதான் பின்னால் வாரக்கணக்கில் அலைய வைக்கும்.

பைப்பில் தண்ணீர் நிரம்பினால் பாரம் கூடும். அந்தப் பாரம் பம்பின் முகப்பில் தொங்கக் கூடாது. ஜெட்டில் கட்டிய கயிற்றைக் கிணற்றுக் கட்டில் இறுக்குங்கள். மேலே வந்ததும் முகப்பில் எந்தத் துளை அமுக்கம், எந்தத் துளை உறிஞ்சல் என்பதை இருமுறை பாருங்கள். அளவு வேறாக இருந்தால் மாறிப் போகாது. ஆனால் கிணற்றடியிலிருந்து மோட்டார் வரை சிலர் இரண்டையும் ஒரே அளவில் இழுத்துவிடுவார்கள், அங்கே மாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது தண்ணீர் வெஞ்சூரியில் பின்பக்கமாக நுழைந்து நொசில் வழியாகத் திரும்பி வரும். மோட்டார் ஓடும், ஃபூட் வால்வு ஒருபோதும் திறக்காது.

இனி நிரப்புவது. பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு பைப்பும் பம்பும் நிரம்ப வேண்டும். 11 மீற்றர் பைப் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 17 லீற்றர் பிடிக்கும், அதனால் இரண்டு வாளி தயாராக வையுங்கள். அவசரமில்லாமல் ஊற்றி, குமிழ் வருவது நிற்கும்வரை காத்திருங்கள். நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் மட்டம் இறங்காமல் நின்றால் ஃபூட் வால்வும் இணைப்புகளும் சரி. இறங்கினால் இப்போதே தேடுங்கள்.

வால்வைச் சரிசெய்வது

கட்டுப்பாட்டு வால்வை முழுக்க மூடி மோட்டாரைப் போடுங்கள். அமுக்கமானி ஏறும். சித்தி வீட்டில் 3.6 பாரில் போய் நின்றது. ஊசி அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, வால்வைக் கால் சுற்றாகத் திறந்து ஒவ்வொரு தடவையும் பத்து வினாடி காத்திருங்கள். ஒவ்வொரு திறப்புக்கும் அமுக்கம் கொஞ்சம் இறங்கித் தரிக்கும், தாங்கிக்கு வரும் தண்ணீர் கூடும். 2.4 பார் வரை ஊசி ஒழுங்காகவே இறங்கியது. அடுத்த கால் சுற்றில் அது தரிக்கவில்லை. ஊசி நடுங்கத் தொடங்கி, சடாரெனப் பூச்சியப் பக்கம் விழுந்தது. சரளைச் சத்தம் கேட்டது. அதுதான் அறுபடும் இடம்.

உடனே வால்வை மூடினோம். ஊசி மெல்ல ஏறியது. ஏறாவிட்டால் மோட்டாரை நிறுத்தி மறுபடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். திரும்ப அதேபோல் திறந்து வந்து, அறுபட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், 2.7 பாரில் நிறுத்தினோம். வாளியில் பிடித்துப் பார்த்தபோது 10 லீற்றர் நிரம்ப 24 வினாடி எடுத்தது. நிமிடத்துக்கு 25 லீற்றர். அந்த நிலையில் வால்வின் கைப்பிடியைக் கம்பியால் கட்டி, “தொடாதே” என்று சித்தி ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்.

அந்தக் கட்டு அவசியம். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று யாராவது வால்வைக் கூடத் திறப்பார்கள், மறுநாள் ஒரு சொட்டும் வராது. 2.4க்கும் 2.7க்கும் இடையில் விட்ட அந்த இடைவெளி, மட்டம் இன்னும் அரை மீற்றர் இறங்கினாலும் வட்டம் அறுபடாமல் இருப்பதற்காக.

ஊசி சொல்லும் பழுது

பின்னால் தண்ணீர் நின்றால் முதலில் அமுக்கமானியைப் பாருங்கள், மோட்டாரைப் பிரிக்காதீர்கள். ஊசி வழக்கத்தைவிட உயர்ந்து, ஆனால் தண்ணீர் இல்லை அல்லது மிகக் குறைவு என்றால் கட்டுப்பாட்டு வால்வோ தாங்கிக்குப் போகும் பைப்போ அடைத்திருக்கிறது. பம்ப் தள்ளுகிறது, தண்ணீருக்குப் போக வழியில்லை. ஊசி தாழ்ந்து, ஆனால் மட்டமும் இணைப்புகளும் சரியென்றால் நொசில் அடைத்திருக்கலாம்; அப்போது ஜெட்டை மேலே தூக்கித் துளையை மெல்லிய கம்பியால் சுத்தப்படுத்த வேண்டும். துளையைச் சுரண்டிப் பெரிதாக்கிவிடக் கூடாது.

ஊசி தாழ்ந்து நடுங்கினால் காற்று உள்ளே வருகிறது, இல்லையேல் மட்டம் ஜெட்டுக்குக் கீழே போய்விட்டது. கயிற்றை இறக்கி மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியென்றால் தரைக்கு மேலுள்ள உறிஞ்சல் இணைப்புகளைத் தேடுங்கள். உறிஞ்சல் பைப்பில் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றும் கணத்தில் ஊசி ஒரு நொடி அமைதியானால் கசிவு அந்த இடத்தில்தான்.

ஊசி பூச்சியத்திலேயே கிடந்தால் பம்பில் தண்ணீர் இல்லை. ஒவ்வொரு காலையும் இப்படி நடக்கிறதென்றால் ஃபூட் வால்வு இரவெல்லாம் கசிகிறது.

எங்கே நிறுத்துவது

இரட்டைப் பைப் ஜெட்டுக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிமிடத்துக்கு 25 லீற்றரை 9.6 மீற்றர் ஆழத்திலிருந்து 8 மீற்றர் உயரத்துத் தாங்கிக்கு ஏற்றத் தேவையான சக்தி வெறும் 70 வாற் அளவு. 1 எச்பி மோட்டாரின் தண்டு கொடுப்பது 750 வாற். பத்தில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, மிச்சம் அந்த 40 லீற்றரைச் சுற்றுவதிலும் நொசிலின் கலக்கத்திலும் போகிறது. நீர்மூழ்கி மோட்டார் இதைவிட எவ்வளவோ சிக்கனம். மட்டம் 20 மீற்றருக்குக் கீழே, அல்லது ஒரு நாளைக்குப் பல மணிநேரம் இறைக்க வேண்டும் என்றால் நான் நீர்மூழ்கியைத்தான் சொல்வேன். வருடத்தில் சில மாதம் மட்டும் 7 மீற்றரைத் தாண்டும் கிணறு, வீட்டில் ஏற்கெனவே நல்ல ஜெட் மோட்டார், ஒரு நாளைக்கு ஒரு தாங்கி என்றால், ஒரு ஜெட்டும் இரண்டு பைப்பும் போதும். பழுது வந்தாலும் மோட்டார் மேலே, காய்ந்த இடத்தில் இருக்கும்.

சிலர் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு தட்டுப் போட்டு மோட்டாரையே இறக்கிவிடுவார்கள். உறிஞ்சல் தூரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மே மாதத் தென்மேற்குப் பருவமழையில் மட்டம் ஏறும்போது அந்த மோட்டார் மூழ்கும். மின்சாரமும் கிணற்று நீரும் ஒரே இடத்தில் சேரும். டிரிப் சுவிட்ச் இருந்தாலும் நான் அதைச் செய்ய மாட்டேன்.

மழை தொடங்கியதும் சித்தி மறுபடி கூப்பிட்டார், இரண்டாவது பைப்பைக் கழற்றிப் பழையபடி ஆக்கவா என்று கேட்டார். அப்படியே விடுங்கள் என்றேன். மட்டம் ஏறினால் ஜெட் தள்ள வேண்டிய உயரம் குறையும், வால்வை ஒரு கால் சுற்று கூடத் திறக்கலாம். ஜூனில் போய்த் திறந்து, அறுபடும் இடத்தை மறுபடி கண்டுபிடித்து, 2.1 பாரில் கட்டிவிட்டு வந்தேன். அட்டையில் இப்போது இரண்டு எண்கள் இருக்கின்றன, மழைக்கு ஒன்று, பெப்ரவரிக்கு ஒன்று.